படம் எடுக்கலாமா, அக்கா?

எட்டு ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் பக்கத்தில் ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைப் படம் பிடித்தேன். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டுதான் குழிப் பக்கம் போனேன். அருள் வந்து ஆடிய ஒரு பெண்ணின் முகம் கேமராவில் மிகத் தெளிவாக விழுந்தது. அவிழ்ந்த கூந்தல், மேலே செருகிய கண்கள், வாயில் கவ்விய வேப்பிலை. யூடியூபில் ஏற்றும்போது அதையே முகப்புப் படமாக வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, அந்த வீடியோவுல இருக்கறது நான்தான். நான் வேலை பார்க்கற கடையில எல்லாரும் அதைக் காட்டிச் சிரிக்கறாங்க. அந்த நேரத்துல எனக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது. உங்களை நான் பார்க்கவே இல்லையே." பத்து நிமிடத்தில் படத்தை நீக்கினேன். அதற்குள் அந்த முகத்தை வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். அதை நீக்க என்னால் முடியவில்லை.

அன்று நான் எந்த விதியையும் மீறவில்லை. இடத்துக்கு அனுமதி வாங்கியிருந்தேன், உடை சரி, காலில் செருப்பில்லை. ஆனால் கோயில் எனக்குத் தந்த அனுமதியில் அந்த அக்காவின் முகம் அடங்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வழிபாட்டு இடத்தில் படம் எடுப்பவர் கேட்க வேண்டிய அனுமதிகள் மூன்று. இடத்துக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று, அங்கே நிற்கும் மனிதருக்கு ஒன்று. முதல் இரண்டையும் யாராவது வாங்கிவர அனுப்பலாம். மூன்றாவதை நாமே நேரில் கேட்க வேண்டும்.

இடத்துக்கான அனுமதி யாருடைய கையில் இருக்கிறது என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் முதலில் போக வேண்டியது அந்தக் கோயிலின் செயல் அலுவலரிடம். பெரிய கோயில்களில் இணை ஆணையர் இருப்பார். சினிமா, விளம்பரம் மாதிரியான படப்பிடிப்பு என்றால் விண்ணப்பம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் ஆணையர் அலுவலகம் வரை போகும். தஞ்சைப் பெரிய கோயில் போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றில் இரண்டு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கட்டடம் தொல்லியல் துறையுடையது, பூஜை தேவஸ்தானத்துடையது. ஒருவரின் கடிதத்தை மற்றவரிடம் காட்டி வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்துப் போய், வாசலிலேயே திரும்பிய படக்குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். முக்காலி வைத்தாலே தொல்லியல் துறையில் தனி அனுமதி கேட்பார்கள். அங்கு வருகிறவர்கள் நடமாட இடைஞ்சல் செய்யக்கூடாது என்பதும் படப்பிடிப்புக்கு அவர்கள் போடும் நிபந்தனைகளில் ஒன்று.

கைபேசி விஷயத்தில் இப்போது நிலைமை மாறிவிட்டது. 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, அந்தக் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோவது தடை செய்யப்பட்டது. திருச்செந்தூர் கோயில் தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கில், 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் அனைத்திலும் கைபேசியைத் தடை செய்ய நடவடிக்கை எடுக்கும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. வாசலிலேயே கைபேசியை வாங்கி வைக்கும் பாதுகாப்பு அறை அமைக்கவும் சொன்னது. குருவாயூர், மதுரை, திருப்பதி ஆகிய இடங்களில் ஏற்கெனவே இப்படி இருப்பதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். அந்த வழக்கில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று பலர் கவனிக்காமல் விட்டது. கோயிலுக்கு வரும் பெண்களை அவர்கள் சம்மதமில்லாமல் படமெடுத்துத் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பிருக்கிறது என்பதே அது. ஆகமம் பற்றிய பேச்சோடு ஒரு பக்தையின் முகம் பற்றிய பேச்சும் அங்கே எழுந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சாமிக்கான அனுமதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருவறையில் இருக்கும் மூலவரைப் படமெடுக்கக் கூடாது. எந்தக் கடிதத்தோடு போனாலும் அர்ச்சகர் ஒப்பமாட்டார், ஒப்பவும் கூடாது. வீதியுலா வரும் உற்சவர் ஊர் பார்க்கவே வருகிறவர். அவரைப் படமெடுப்பதில் பெரும்பாலான ஊர்களில் தடை இல்லை. ஆனாலும் திரை போட்டிருக்கும்போதும், அலங்காரம் நடந்துகொண்டிருக்கும்போதும் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். சினிமாவில் நாம் காணும் கருவறைகள் பெரும்பாலும் கலை இயக்குநர்கள் போட்ட அரங்குகள் என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. அதைப் பார்த்துவிட்டு நிஜக் கோயிலில் அதே கோணத்தைத் தேடுகிறவர்கள் உண்டு.

உடைக்கு வருவோம். தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உடை விதியைக் கொண்டுவர ஒருமுறை முயற்சி நடந்தது. 2015 நவம்பரில் மதுரைக் கிளையின் தனி நீதிபதி ஒருவர், 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆண்கள் வேட்டி அல்லது பேன்ட் சட்டை, பெண்கள் புடவை, தாவணி அல்லது துப்பட்டாவுடன் சுடிதார் அணிந்து வர வேண்டும் என்று உத்தரவிட்டார். 2016 ஜனவரியிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. எனவே அந்தந்தக் கோயிலின் வழக்கம்தான் விதி. திருச்செந்தூரிலும் சுசீந்திரத்திலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேறு பல கோயில்களில் அப்படி இல்லை. படமெடுக்கப் போகிறவர் ஒருநாள் முன்பே சும்மா சாமி கும்பிடப் போய், ஆண்கள் எந்த இடத்தில் சட்டையைக் கழற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் குழப்பம் இருக்காது.

சட்டையில்லாமல் வேலை செய்வதில் எங்கள் தொழிலுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. காலர் மைக்கைச் சட்டையில் குத்த முடியாது. மேல்துண்டில் குத்தி, அதன் சின்ன டிரான்ஸ்மிட்டரை வேட்டி இடுப்பில் செருக வேண்டும். வேட்டி நழுவாமலிருக்க தோல் பெல்ட் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பல கோயில்களில் தோல் பொருளை உள்ளே விடுவதில்லை என்பதால் துணி பெல்ட்டுக்கு மாறுவது நல்லது. பெல்ட்டை மாற்றுகிறவர்களும் கேமராவின் தோல் வாரை மறந்துவிடுகிறார்கள். பழைய கேமராப் பைகளிலும் தோல் பட்டை இருக்கும். நைலான் வாரும் துணிப் பையும் எங்கேயும் கேள்வி கேட்கப்படாது. குழுவில் பெண் ஒளிப்பதிவாளர் இருந்தால், தரையில் உட்கார்ந்தும் குனிந்தும் எடுக்க வசதியாக இருப்பது நீள டாப்ஸ் போட்ட சுடிதார்தான். துப்பட்டாவைப் பின் குத்திவிட வேண்டும், விளக்குத் திரியில் அது படுவதற்கு ஒரு நொடி போதும்.

செருப்பைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். எங்கே கழற்றுவது என்பதில்தான் தவறுகிறார்கள். கழற்றிய செருப்பைக் கேமராப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோவதும் செருப்போடு போவதும் ஒன்றே. குடமுழுக்குக்கு விமானத்தைச் சுற்றிக் கட்டும் சாரத்தில் ஏறினால், நாம் நிற்பது கலசத்தின் பக்கத்தில். மூங்கில் வழுக்கும், ஷூ வேண்டும் என்று அங்கே வாதாட முடியாது. ஏற முடியாதவர் பக்கத்து மாடியிலிருந்து எடுக்க வேண்டும். வீதியுலாவில் சப்பரத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுப்பவர், தெருதானே என்று செருப்போடு நடப்பார். சாமிக்குத் தூக்கு கொடுக்கிறவர்கள் வெறுங்காலில் வருகிறார்கள். அவர்களுக்கு நேர் எதிரே செருப்புக் காலோடு நடப்பதை எந்த ஊரும் ரசிக்காது.

வெறுங்காலோடு வேலை செய்வதில் உண்மையான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ரப்பர் அடிப்பாகம் இல்லாத கால், அபிஷேக நீர் ஓடும் கருங்கல் தளம், குறுக்கே போகும் மின்கம்பி. இந்த மூன்றும் சேர்ந்தால் சின்னக் கசிவு போதும். கம்பி வெடித்திருந்தாலும், விளக்குத் தண்டைத் தொட்டதும் விரல் லேசாகச் சுண்டினாலும், அந்த இடத்திலேயே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நான் இப்போது கோயிலுக்குள் மின்கம்பியே இழுப்பதில்லை, பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கு மட்டும்தான். கீற்றுப் பந்தலுக்குக் கீழே பழைய ஹாலஜன் விளக்கைக் கொண்டுபோகவே கூடாது. கோடையில் உச்சி வேளைப் பிராகாரம் காலைப் பொசுக்கும். சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். எண்ணெய் சிந்திய கல்லில் சாக்ஸ் வழுக்கும், கேமராவோடு விழுவோம். காலை பத்து மணிக்குள் வெளிப் பிராகாரத்தை முடித்துவிட்டு, மதியம் மண்டபத்துக்குள் வந்துவிடுவதுதான் வழி.

மற்றச் சமயத்தாரின் இடங்களிலும் இதே அக்கறை வேண்டும், வழக்கங்கள் வேறு. பள்ளிவாசலில் தொழுகிறவருக்குக் குறுக்கே போகக் கூடாது. அதனால் வரிசைக்கு முன்னால் கேமரா நிற்க முடியாது. பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். தர்காவில் தலையை மூடிக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு கைக்குட்டை போதும். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்பவரின் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது. நற்கருணை எழுந்தேற்றத்தின்போது அசையாமல் நிற்பது நல்லது.

இனி மனிதர்கள். பொது இடத்தில் ஒருவரைப் படமெடுப்பதை மொத்தமாகத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால்தான் பலர் கேட்பதே இல்லை. ஆனால் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. பொது இடத்தில் நிற்பதாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, ஒரு பெண்ணை அவருடைய அந்தரங்கமான நிலையில் படமெடுப்பதைக் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை, மூன்றாண்டு வரை போகலாம். அதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விளக்கம் ஒன்று உண்டு. அந்தப் பெண் படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவதும் குற்றமே. எடுக்கச் சம்மதம் வேறு, வெளியிடச் சம்மதம் வேறு. சட்டம் குறுகிய ஓர் இடத்தில் சொன்ன இந்த வேறுபாட்டை நான் எல்லாப் படத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தின் கை எட்டாத இடமும் இருக்கிறது. ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள். வாளி வாளியாக மேலே ஊற்ற, ஈரப் புடவை உடலோடு ஒட்டிய நிலையில் பெண்கள் ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு நடக்கிறார்கள். திறந்த இடம்தான், சுற்றிலும் கூட்டம்தான். அதைப் படமெடுப்பது 77ஆம் பிரிவில் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். என்னைக் கேட்டால், எடுக்கக் கூடாது. நீர் விழும் வாளி, கயிறு, தளத்தில் ஓடும் தண்ணீர், நனைந்த பாதங்கள், இவை போதும் அந்தக் காட்சியைச் சொல்ல.

கூவாகத்தையும் சொல்லியாக வேண்டும். சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளைச் சுற்றிக் கேமராக்கள் மொய்க்கின்றன. அவர்களில் சிலர் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். தாலி அறுத்து அழும்போது நெருங்கி எடுக்கும் ஒரு முகம், ஊரில் ஒருவரின் வேலையையோ வீட்டையோ பறித்துவிடலாம். இங்கே கேட்காமல் எடுப்பதற்குக் கலை, ஆவணம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் நியாயம் ஆகாது.

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு நான் இரண்டு ஆண்டுகள் தீமிதி எடுக்கவில்லை. மூன்றாம் ஆண்டு வேறோர் ஊரில் எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம்.

காப்புக் கட்டும் நாளன்றே போனேன். தீ மிதிக்க விரதம் இருப்பவர்கள் அன்று கோயிலில் கூடுவார்கள், தெளிவாகவும் நிதானமாகவும் இருப்பார்கள். கேட்க அதுதான் நேரம். அருள் வந்தவரிடம் சம்மதம் கேட்க முடியாது, அந்த நேரத்தில் அவர் தலையாட்டினாலும் அது சம்மதம் இல்லை. ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டேன். "படம் எடுக்கலாமா, அக்கா? யூடியூபில் போடலாமா? அருள் வந்தால் முகம் தெரியலாமா?" மூன்றுக்கும் தனித்தனிப் பதில் வந்தது. முதல் இரண்டுக்குச் சரி என்ற பலர் மூன்றாவதற்குத் தயங்கினார்கள். ஒரு பெண் சிரித்தபடி, "நான் ஆடறது எனக்கே தெரியாது தம்பி, ஊருக்கு எதுக்கு?" என்றார். சரி என்றவர்களைத் தங்கள் பெயரையும் பதிலையும் கேமராவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். கையெழுத்துத் தாளைவிட இது எளிது, படிக்கத் தெரியாதவரும் தாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து பேசுகிறார். பிறகு முகத்தையும் குரலையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது. என் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன், மனம் மாறினால் கூப்பிடச் சொன்னேன். பிள்ளைகள் என்றால் அம்மாவையோ அப்பாவையோ கேட்டேன், பிறகு பிள்ளையையும் கேட்டேன். பெற்றவர் சரி சொல்லியும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் எடுக்கவில்லை.

கூட்டத்தில் நிற்கும் எல்லோரையும் இப்படிக் கேட்க முடியாது. அதற்கு விழாக் குழுவின் ஒலிபெருக்கி உதவியது. தீமிதிக்கு முன் மூன்று முறை, குழியின் வடக்குப் பக்கம் படம் எடுக்கப்படுகிறது, படத்தில் வர விரும்பாதவர்கள் தெற்குப் பக்கம் நிற்கலாம் என்று அறிவித்தார்கள். கேமரா வடக்கு ஓரத்திலிருந்து பக்கவாட்டில் மட்டுமே திரும்பும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன், முக்காலியை அப்படியே பூட்டி வைத்தேன். குழி முடியும் பால்குழிப் பக்கம் யாரையும் நிற்கவிடவில்லை. நல்ல முகங்கள் கிடைப்பது அங்கேதான் என்று படமெடுப்பவர்கள் அங்கே முண்டுவார்கள். ஆனால் தீயிலிருந்து ஓடி வருகிறவருக்குக் கால் வைக்க இடம் வேண்டும். அங்கே ஒருவர் தடுக்கினால் பின்னால் வருகிறவர் நெருப்பில் நிற்க நேரும்.

அருள் வந்த நேரத்தில் முகத்தை விட்டுவிட்டு வேறு எடுத்தேன். உடுக்கை அடிக்கிறவரின் விரல்கள், கரகம் சுமந்தவரின் கழுத்து நரம்பு, மஞ்சள் துணி நனைந்த முதுகு, விழப் போகிறவரைத் தாங்க நீளும் கைகள். படத்தொகுப்பின்போது சம்மதப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் சரிபார்த்தேன். பட்டியலில் இல்லாத ஒரு முகம் நெருக்கத்தில் வந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டினேன். முகத்தை மங்கலாக்கினால் போதாது. ஊருக்குள் புடவையையும் நடையையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். வெளியிடும் முன் ஒரு மாலை அதே கோயில் முன்னால் திரை கட்டிப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு இரண்டு பேர் தங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். படம் நாற்பது நொடி குறைந்தது.

சித்திரை, ஆடி மாதங்களில் திருவிழா நடத்தும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழா நோட்டீஸ் அச்சடிக்கும்போது அன்னதானம், வாணவேடிக்கைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள். எந்த நிகழ்ச்சியைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எடுப்பவர் யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். அருள் வந்தவர்களின் முகத்தை எடுக்கக் கூடாது என்பதையும் அதிலேயே அச்சடித்துவிடுங்கள்.